மூன்று பேர், தின்ஜொன், நுப்: எண்ணும்போது மொழி எங்கே கோடு போடுகிறது?

கொல்கத்தாவில் வங்காளம் கற்கத் தொடங்கும் தமிழர்கள் பெரும்பாலும் முதலில் இடறுவது எண்ணிக்கையில்தான். ஒன்று முதல் பத்து வரையிலான எண்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ‘தின்’ என்றால் மூன்று, ‘ஆம்’ என்றால் மாம்பழம். ஆகவே மூன்று மாம்பழம் என்பதற்கு ‘தின் ஆம்’ என்று சொல்லிவிடுகிறோம். லேக் மார்க்கெட் பழக்கடைக்காரர் அதைப் புரிந்துகொள்வார். ஆனால் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு தொடர் வராது. அவர் சொல்வது ‘தின்டே ஆம்’. எண்ணுக்கும் பொருளுக்கும் இடையில் ஓர் ஒட்டு இருந்தாக வேண்டும். மாம்பழத்துக்குப் பதில் மாணவர்களை எண்ணினால் ஒட்டு மாறும்: ‘தின்ஜொன் சாத்ரோ’. (இக்கட்டுரையில் டா, டோ, டே என வருவனவற்றைப் ‘பட்டம்’ என்பதில் உள்ள வல்லொலியோடு படிக்க வேண்டுகிறேன்.)

இந்த ஒட்டுகளை மொழியியலில் எண்சார் வகைகாட்டிகள் எனலாம். சீனம், தாய், வியட்நாமியம், பர்மியம் ஆகியவற்றின் இலக்கணங்களில் இவற்றுக்குத் தனி அதிகாரமே உண்டு. இந்தோ-ஆரியக் குடும்பத்தில் வங்காளம், அசாமியம், ஒடியா முதலிய கிழக்கு மொழிகளில் இவை செழித்திருக்கின்றன.

மக்களுக்கு ‘ஜொன்’, மற்றவற்றுக்கு ‘டா’ என்பதைக் கேட்டதும் தமிழ் மாணவருக்கு உயர்திணையும் அஃறிணையும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நினைவிலிருந்து இரண்டு முடிவுகளுக்குப் பலர் விரைந்து தாவுகிறார்கள். ஒன்று, வகைகாட்டிகள் ஒரு சமூகம் உலகத்தைப் பார்க்கும் விதத்தை அப்படியே காட்டும் வரைபடம் என்பது. மற்றொன்று, வங்காளத்தின் இந்தப் பகுப்பு திராவிட அடித்தளத்தின் எச்சம் என்பது. இரண்டையும் தரவுகளை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. வகைகாட்டியும் அளவுச்சொல்லும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘இரண்டு கட்டு கீரை’, ‘மூன்று படி அரிசி’ என்று தமிழிலும் எண்ணுக்கும் பெயருக்கும் இடையில் ஒரு சொல் வருகிறதே, அதுவும் வகைகாட்டிதானா? இல்லை. கட்டு என்பதை எடுத்துவிட்டுப் பிடி என்று வைத்தால் கீரையின் அளவு மாறிவிடும். அச்சொல் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. ஆகவே அது அளவுச்சொல். ‘தின்டே ஆம்’ என்பதிலோ ‘டே’ எந்த அளவையும் கூட்டவில்லை. மூன்று மாம்பழம் மூன்று மாம்பழமாகவே இருக்கிறது. அளவை மாற்றாமல், ஆனால் இல்லாவிட்டால் தொடர் நிற்காது என்ற நிலையில் இருப்பதே வகைகாட்டி.

இந்தச் சோதனையின் மறுபக்கமும் வங்காளத்தில் கிடைக்கிறது. பெயரே ஓர் அளவாக இருந்தால் வகைகாட்டி தேவைப்படுவதில்லை. ‘தின் தின்’ என்றால் மூன்று நாள் (முதல் சொல் எண், இரண்டாவது நாள்; வங்காளத்தில் இரண்டின் முதலொலியும் வேறு); ‘பாஞ்ச் பொச்சோர்’ என்றால் ஐந்து ஆண்டு; ‘தொஷ் டாக்கா’ என்றால் பத்து ரூபாய். இங்கே நாளும் ஆண்டும் ரூபாயும் தாமே அலகுகள். மணிக்கணக்கு இதை இன்னும் அழகாகக் காட்டும். ‘தின் கொண்டா’ என்றால் மூன்று மணிநேரம். பெயர் அலகாக இருப்பதால் ஒட்டு இல்லை. ‘தின்டே’ என்று மட்டும் சொன்னால் கடிகாரத்தில் மூன்று மணி. பெயரே இல்லாமல் எண்ணும் ஒட்டும் மட்டும் நின்று பொருள் தருகின்றன.

இந்த ஒட்டு எண்ணோடு நின்றுவிடுவதும் இல்லை. ‘தின்டே ஆம்’ என்றால் ஏதோ மூன்று மாம்பழம். ‘ஆம் தின்டே’ என்று இடம் மாற்றினால் நாம் முன்பு பேசிய, உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்த மூன்று மாம்பழங்கள். எண்ணே இல்லாமல் ‘ஆம்டா’ என்றால் அந்த மாம்பழம். ஆகவே வங்காள வகைகாட்டி இரண்டு வேலை செய்கிறது. பொருளை எண்ணத்தக்க ஒன்றாக நிறுத்துகிறது; பிறகு அதையே சுட்டிக் காட்டவும் செய்கிறது. ரவீந்திரநாத் தாகூர் இந்த ஒட்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு ‘நிர்தேஷக்’, அதாவது சுட்டுவது, என்ற சொல்லைத் தலைப்பில் வைத்தது இரண்டாவது வேலையைக் கருதித்தான்.

2. ஒட்டுகள் ஒருகாலத்தில் சொற்கள்

வங்காள வகைகாட்டிகளில் முக்கியமானவை சிலவே. பொதுவாக எதற்கும் வரும் ‘டா’; அதன் மென்மையான வடிவம் ‘டி’; மக்களுக்கு ‘ஜொன்’; தட்டையான, பரந்த பொருள்களுக்கு ‘கானா’; நீண்டு மெலிந்தவற்றுக்கு ‘காச்சா’. ‘டா’ முன்னுள்ள எண்ணின் உயிரொலியைப் பொறுத்து மாறும்: ஏக்டா, துடோ, தின்டே, சார்டே, பாஞ்ச்டா. இது ஒலியிசைவு மட்டுமே. பொருள் வேறுபாடு இல்லை.

இவற்றின் மூலங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை சாதாரணப் பெயர்ச்சொற்களாக இருந்தவை. ‘ஜொன்’ என்பது ஆள் என்ற பொருளுடைய ஜன. ‘கானா’ துண்டு என்ற பொருளுடைய கண்ட என்பதிலிருந்து வந்தது. நாம் நிலக்கண்டம் என்பதில் பயன்படுத்தும் அதே சொல். ‘காச்சா’ மரத்தைக் குறிக்கும் ‘காச்’ என்பதோடு உறவுடையது. ‘டா’வின் மூலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முழுமை என்ற பொருளுடைய ‘கோட்டா’ என்பதோடு அதை இணைப்பவர்கள் உண்டு. அச்சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. அரைக்காத மசாலா ‘கோட்டா மொஷ்லா’. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காய்களை நறுக்காமல் முழுதாக வேகவைத்து உண்ணும் ‘கோட்டா ஷெத்தோ’ கொல்கத்தா வீடுகளில் பழகிய பெயர். ஒடியாவில் ‘கோட்டியே’ என்றாலே ஒன்று.

இப்போது ‘கானா’வை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பார்ப்போம். துண்டு என்ற சொல் தட்டையான பொருள்களின் வகைகாட்டியாக ஆனதை ஊகிப்பது எளிது. துணியும் தாளும் வெட்டித் துண்டாக்கப்படுபவை. வெட்டிய துண்டு தட்டையானது. ஆகவே ஒரு கடிதம், ஒரு சேலை, ஒரு படம், நான்கு லூச்சி (கொல்கத்தாவின் பூரி) எல்லாம் ‘கானா’ பெறுகின்றன. ஆனால் ‘துகானா கொர்’ என்றால் இரண்டு அறை. ‘ஏக்கானா நௌகோ’ என்றால் ஒரு படகு. வண்டிக்கும் ‘கானா’ வரும். அறையும் படகும் எந்த வகையில் தட்டை? துண்டு என்ற பழைய பொருளும் இங்கே பொருந்தவில்லை. தட்டை என்ற புதிய பொருளும் பொருந்தவில்லை. வீட்டின் ஒரு பகுதியே அறை என்று துண்டுப் பொருளால் விளக்கலாம். படகின் பலகைகளைக் காட்டித் தட்டைத்தன்மையை விளக்கலாம். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் வழக்கு எப்படிப் பரவியது என்பதுதான் வரலாறு. ஒரு பொருளிலிருந்து அதை ஒத்த இன்னொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் ஒட்டு தாவியிருக்கிறது. கடைசியில் உள்ளவற்றுக்கும் முதலில் இருந்தவற்றுக்கும் பொதுப்பண்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். ‘முக்கானி’ என்று முகத்துக்கு ‘கானா’வின் மென்வடிவம் வரும். அங்கே முகத்தின் வடிவம் பேசப்படவில்லை. முகத்தின் மீதுள்ள அன்பு பேசப்படுகிறது. அதே முகத்தை ‘முக்டா’ என்றும் சொல்லலாம். ஒரு கடிதத்தை ‘கானா’ இட்டும் சொல்லலாம், ‘டா’ இட்டும் சொல்லலாம். இரண்டும் பிழையில்லை. அன்றாடக் கொல்கத்தா வழக்கில் ‘காச்சா’ ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. வளையல், கயிறு, மாலை போன்ற சிலவற்றோடு எழுத்திலும் மூத்தவர் பேச்சிலும் நிற்கிறது. அது விலகிய இடமெல்லாம் ‘டா’ நிரப்பிக்கொண்டது.

ஒரு பெயருக்கு ஒரே வகை என்ற கட்டாயம் இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. தமிழில் மரம் என்ற சொல் அஃறிணை. அதைப் பேசுபவர் விருப்பப்படி மாற்ற முடியாது. அது பெயரோடு பிறந்த குணம். வினைமுற்றும் அதற்கு இசைய வேண்டும். வங்காளப் பெயருக்கு அத்தகைய நிலையான பெட்டி கிடையாது. பேசுபவர் அந்த வேளையில் பொருளை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையே வகைகாட்டி காட்டுகிறது. எனவே வடிவம் சார்ந்த வகைகாட்டிகளின் பட்டியலைக் கொண்டு ‘வங்காளியின் உலகப் பார்வை’ என்று எழுதினால், அழிந்துகொண்டிருக்கும் ஒரு பழக்கத்தின் படிவுகளைச் சிந்தனை என்று தவறாகப் படிப்பதாகும்.

3. அசையாத ஒரே கோடு

இவ்வளவு நெகிழ்ச்சிக்கு நடுவில் ஒரு கோடு மட்டும் நிலையாக இருக்கிறது. ‘ஜொன்’ மக்களுக்கு மட்டுமே. மூன்று பூனைகளை ‘தின்ஜொன்’ என்று சொல்ல வேண்டுமானால், பூனைகள் பேசும் குழந்தைக் கதையாக அது இருக்க வேண்டும். தெய்வங்களுக்கு ‘ஜொன்’ வரும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை என்று பிரிப்பதும், நன்னூல் அதில் தேவரையும் நரகரையும் சேர்ப்பதும் தமிழ் மாணவர் அறிந்தவையே.

ஆனால் இந்தக் கோட்டை ஒரு திசையில் மட்டும் கடக்கலாம். பூனை மேலே ஏறி ‘ஜொன்’ ஆக முடியாது. மனிதர் கீழே இறங்கி ‘டா’ ஆகலாம். ‘துஜொன் லோக்’ என்றாலும் ‘துடோ லோக்’ என்றாலும் இரண்டு ஆட்கள்தாம். அப்படியானால் எப்போது எது? இங்கேதான் செய்தி இருக்கிறது.

மருத்துவர்களை எண்ணிப் பாருங்கள். ‘துஜொன் டாக்தார்’ என்பது இயல்பு. ‘துடோ டாக்தார்’ என்றால் அவர்கள்மேல் எரிச்சலோ ஏளனமோ கேட்கும். கண்ணியமான ஒருவரைக் குறிக்கும் ‘பொத்ரொலோக்’ என்ற சொல்லோடு ‘ஏக்டா’ சேர்ந்தால் தொடரே தன்னோடு முரண்படுவதுபோல் ஒலிக்கும். வீட்டு வேலை செய்பவரைக் குறிக்கும் ‘காஜேர் லோக்’ என்ற தொடருக்கு வாருங்கள். அங்கே ‘ஏக்டா காஜேர் லோக்’ என்பது யாருக்கும் உறுத்தாமல் பேச்சில் வந்துவிடுகிறது. ஏளனம் செய்யும் எண்ணம் பேசுபவருக்கு இல்லாமலிருக்கலாம். உறுத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு சொல் எங்கே கேட்பவரைத் திடுக்கிட வைக்கிறது, எங்கே வைக்கவில்லை என்று பட்டியலிட்டால், யாருடைய மதிப்பு இலக்கணத்தால் காக்கப்படுகிறது என்பது தெரியவரும்.

எனினும் ‘டா’ எங்கே வந்தாலும் இழிவு என்று எழுதிவிடக் கூடாது. தம் பிள்ளைகளைச் சொல்லும்போது ‘ஆமார் துடி சேலே’, எனக்கு இரண்டு மகன்கள், என்பது வழக்கம். அங்கே ‘ஜொன்’ போட்டால் பிள்ளைகளை விருந்தாளிகளைப்போல் விலக்கி நிறுத்தியதாகும். சிறு குழந்தைகளுக்கும் ‘டா’, ‘டி’ தாராளமாக வரும். தமிழில் குழந்தை அழுகிறது என்று அஃறிணை முடிவு கொடுக்கிறோமே, அங்கே இழிவு ஏது? மனிதர் ‘டா’ பெறுவதற்கு மேலிருந்து பார்ப்பது ஒரு காரணம். மிக அருகிலிருந்து பார்ப்பது இன்னொரு காரணம். எது என்பதைப் பெயரும் சூழலும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

வகைகாட்டி இல்லாமலே எண்ணுவதும் உண்டு: ‘துய் பாய்’, இரண்டு சகோதரர்கள், ‘சார் பொந்து’, நான்கு நண்பர்கள். இங்கே எண்ணப்படுவோர் ஒரு கூட்டத்திலிருந்து பொறுக்கியவர்கள் அல்லர். அவர்கள் சேர்ந்தே ஒரு குழு. நாளிதழ்த் தலைப்புகளிலும் இந்த வடிவம் வருகிறது. தமிழ் நாளிதழ்கள் பேச்சில் இல்லாத ‘மூவர் கைது’ என்ற பழைய வடிவத்தைத் தலைப்புக்கு எடுத்து வைத்திருப்பதோடு இதை ஒப்பிடலாம்.

உண்ணும் அழைப்பு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘துடோ பாத்’ என்றால் எண்ணளவில் இரண்டு சோறு. சோற்றை எண்ண முடியாது. எண்ணக் கூடாததை வேண்டுமென்றே எண்ணி, ஏதோ கொஞ்சம் சாப்பிட்டுப் போங்கள் என்று பணிவாக அழைக்கிறார்கள். நம் வீடுகளில் ‘ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ’ என்பதும் இதே பணிவுதான். ஆனால் தமிழ் அதற்கு ஓர் அளவுச்சொல்லைத் தேடிக்கொள்கிறது. வங்காளம் வகைகாட்டியைக் கொண்டே முடித்துக்கொள்கிறது.

4. கோடு எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருதத்தில் இத்தகைய கட்டாய வகைகாட்டி இல்லை. அங்கே ஒன்று முதல் நான்கு வரையிலான எண்கள் பெயரின் பாலுக்கு ஏற்ப உருமாறும். மூன்று என்பது ஆண்பாலில் த்ரயஸ், பெண்பாலில் திஸ்ரஸ், நபும்சகத்தில் த்ரீணி. வங்காளம் வளர்ந்த பாதையில் இலக்கணப் பால் முழுவதும் உதிர்ந்துவிட்டது. வினையும் பெயரடையும் பாலுக்கு இசைவதில்லை. மூன்று உருவங்களும் போய் ‘தின்’ ஒன்றே மிஞ்சியது. அந்த எண்ணின் பின்னால் இப்போது நிற்பது ஆண், பெண் என்று பிரிக்காமல் மக்கள், மக்கள் அல்லாதவை என்று பிரிக்கும் புதிய பகுப்பு. மேற்கே பாலைக் காப்பாற்றிக்கொண்ட இந்தி, குஜராத்தி முதலியவற்றில் கட்டாய வகைகாட்டி இல்லை. பாலை இழந்த கிழக்கு மொழிகளில் இருக்கிறது. ஒன்று போன இடத்தை மற்றொன்று நிரப்பியது என்று சொல்ல ஆசையாக இருக்கும்.

சுநீதி குமார் சாட்டர்ஜி வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி எழுதிய பெருநூலைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 1926இல் வெளியிட்டது. வங்காள ஒட்டுகளின் சொல்வரலாற்றுக்கு இன்றும் அதிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு மொழிக்குள் நின்ற இந்தக் கேள்வியை மொழிக்குடும்பங்களுக்கு இடையே நிறுத்தியவர் மரே எமனோ. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தவர். பின்னர் வியட்நாமிய இலக்கணம் பற்றி 1951இல் நூல் எழுதியவர். வகைகாட்டியை அதன் சொந்த நிலத்தில் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது. இந்தியா ஒரு மொழிப்பரப்பு என்று வாதிட்ட 1956ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட முக்கியச் சான்றுகளில் ஒன்று எண்சார் வகைகாட்டி. நடு, கிழக்கு இந்தியாவில் இந்தோ-ஆரியம், திராவிடம், முண்டா ஆகிய மூன்று குடும்பங்களின் மொழிகளிலும் இது பரவியிருப்பதை அவர் காட்டினார்.

அந்தப் பரப்பில் நம் கேள்விக்கு மிகவும் உதவுவது குடுக் மொழி. சோட்டா நாக்பூரிலும், தேயிலைத் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்தோர் வழியாக வட வங்காளத்திலும் பேசப்படும் வட திராவிட மொழி இது. இதில் மக்களை எண்ணத் தனி எண்கள் உண்டு. ஒருவர் ‘ஒர்த்’, இருவர் ‘இர்ப்’, மூவர் ‘நுப்’, நால்வர் ‘நைப்’. மற்றவற்றில் மூன்று ‘மூந்த்’, நான்கு ‘நாஃக்’. தமிழின் மூவர், மூன்று என்ற இணைக்கு இது உடன்பிறப்பு. ஆனால் நான்கோடு குடுக்கின் சொந்த எண்கள் நின்றுவிட்டன. ஐந்து முதல் இந்தோ-ஆரிய எண்கள். கடன் வாங்கிய எண்ணுக்கு ஐவர் என்பது போன்ற உருவம் கிடையாது. அப்போது மொழி என்ன செய்தது? மக்களை எண்ணும்போது ‘ஜன்’ என்பதையும் சேர்த்தே கடன் வாங்கியது. எண் போயிற்று, உருவம் போயிற்று. மக்களைத் தனியாக எண்ண வேண்டும் என்ற தேவை போகவில்லை. தேவைக்கு அண்டை வீட்டுப் பொருள் பயன்பட்டது.

இதைப் படித்தபின் நம் பேச்சுத் தமிழைக் கேளுங்கள். இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர் என்ற வரிசை எழுத்தில் நிற்கிறது. பேச்சில் ‘ஒருத்தர்’ மட்டும் தங்கிவிட்டது; இரண்டிலிருந்து ‘ரெண்டு பேர், மூணு பேர்’ என்று போய்விட்டோம். தமிழ் எந்த எண்ணையும் இழக்கவில்லை. எனினும் எண்ணுக்குள் இருந்த உயர்திணை உருவத்தை விட்டுவிட்டு, பெயர் என்ற தன் சொந்தச் சொல்லை அந்த இடத்தில் வைத்துக்கொண்டது. பேர் என்பது முழு வகைகாட்டி ஆகிவிடவில்லை. ‘மூன்று மாணவர்கள்’ என்று அது இல்லாமலே சொல்லலாம். வங்காளத்தில் உள்ள கட்டாயம் இங்கே இல்லை. ஆனாலும் மூன்று பேர் மாடு என்று எவரும் சொல்லமாட்டார்.

மூன்று மொழிகள், மூன்று வெவ்வேறு வரலாறுகள். வங்காளத்தில் பால் அழிந்து ‘ஜொன்’ வந்தது. குடுக்கில் எண் அழிந்து ‘ஜன்’ வந்தது. தமிழில் உருவம் தேய்ந்து ‘பேர்’ வந்தது. பொருள் மாறிக்கொண்டே இருக்க, கோடு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

5. இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

அப்படியானால் வங்காளத்தின் கோடு திராவிடம் கொடுத்ததுதானே என்று கேட்கலாம். இத்தரவு அதற்கு இடம் தரவில்லை. முதலாவது, கடன் சென்ற திசை தெரிகிற இடத்தில் அது எதிர்த்திசையில் இருக்கிறது. குடுக்தான் ‘ஜன்’ என்பதை வாங்கியது. இரண்டாவது, தமிழும் மலையாளமும் கன்னடமும் திணைப் பகுப்பு உடையவை. கட்டாய வகைகாட்டி அவற்றில் இல்லை. திணையிலிருந்து வகைகாட்டி பிறக்குமானால் முதலில் இங்கே பிறந்திருக்க வேண்டும். மூன்றாவது, வகைகாட்டி மொழிகளில் மனிதருக்கென ஒன்று தனியாக இருப்பது உலகெங்கும் காணப்படுகிறது. சீனத்திலும் தாய் மொழியிலும் பர்மியத்திலும் உண்டு. பல மொழிகள் தாமாகவே போட்டுக்கொள்ளும் ஒரு கோட்டை உறவுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. கிழக்கே நகர நகர இவ்வமைப்பு செழிக்கிறது என்பதும் கருதத்தக்கது. அசாமியத்தில் ஆணுக்கு ‘ஜொன்’, பெண்ணுக்கு ‘ஜொனி’, மதிப்புக்கு ‘ஜொனா’ என்று மக்கள் வகுப்பே பிரிகிறது. அசாமைச் சூழ்ந்திருப்பவை வகைகாட்டி மிகுந்த திபெத்திய-பர்மிய, தாய் மொழிகள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. பாரசீகப் பேச்சிலும் ‘தோ தா’ என்று எண்ணின் பின் ‘தா’ வருகிறது. வங்காளம் பல நூற்றாண்டு பாரசீகச் சொற்களை ஏற்ற மொழி. ஆகவே ‘டா’ பாரசீகமோ என்று தோன்றும். ஆனால் பாரசீகத்தின் பல்லொலித் தகரம் வங்காளத்துக்குள் வரும்போது தகரமாகவே வருகிறது. தாரிக் (தேதி), தாஜா (புதிய) என்பன சான்று. வளைநா ஒலியாக மாறியதற்கு விளக்கம் வேண்டும். ஒலி ஒப்புமை கேள்வியைத் தொடங்கி வைக்கலாம், விடையாக முடியாது.

பால் போன இடத்தில் வகைகாட்டி வந்தது என்ற வாய்பாட்டையும் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். குடுக்கும், ராஜ்மகால் மலைகளில் பேசப்படும் அதன் உறவு மொழியான மால்ட்டோவும் பாலையும் வைத்திருக்கின்றன, வகைகாட்டியையும் வைத்திருக்கின்றன. வங்காளத்துக்கு அது ஒரு நல்ல விளக்கமாக இருக்கலாம்; மொழிகளுக்கெல்லாம் பொதுவிதி அன்று.

மிஞ்சுவது என்ன? வடிவ வகைகாட்டிகள் வரலாற்றின் படிவுகள். அவை வந்து போகும், தாவும், தேயும். மக்களைப் பிரிக்கும் கோடு மொழியின் எந்த உறுப்பு அழிந்தாலும் வேறோர் உறுப்பில் திரும்ப முளைக்கிறது. அந்தக் கோடு மனிதர் எல்லாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்துவதும் இல்லை. இதற்கு வங்காளத்தை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. விருந்துக்கு ‘நாலு பேர்’ வருகிறார்கள். களை எடுக்க ‘நாலு ஆள்’ வருகிறது. வினைமுற்று ‘வருகிறது’ என்று அஃறிணையில் முடிவதையும் கவனியுங்கள். ஆட்டையும் வெளுக்கப்போடும் துணியையும் உருப்படி என்று எண்ணுகிறோம். பேர் என்றால் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. ஆள் என்றால் அவர்களிடம் உழைப்பு இருக்கிறது. தமிழில் வகைகாட்டி இல்லை என்று பாடநூல் சொல்வது சரியே. எண்ணும்போது நாம் யாருக்கு எந்தச் சொல்லை வைக்கிறோம் என்பதை மட்டும் அந்த வாக்கியம் சொல்வதில்லை.